இரண்டாவது கிளையா, பக்கத்துக் கடையா, பார்சல் கவுன்டரா: ஒரு டிபன் கடையின் கணக்கு

காலை எட்டரை மணிக்கு வாசலில் ஆள் நிற்கிறது, இட்லி தீர்ந்துபோய்த் திருப்பி அனுப்புகிறோம், எல்லோரும் "இன்னொரு கடை போடுங்கண்ணா" என்கிறார்கள். டிபன் கடை வைத்திருக்கும் பலர் இரண்டாவது கிளைக்கு இடம் தேட ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான். வாசலில் நிற்கும் கூட்டத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அந்தக் கூட்டம் உங்கள் கடைக்கு வந்ததா, அந்த இடத்துக்கு வந்ததா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்ளலாம். காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் 40 பேர் உட்காரும் சைவ டிபன் கடை ஒன்று. இது கணக்குக்காக நான் கட்டிய கடை, எண்களும் அப்படித்தான், ஆனால் இந்த அளவுக் கடைகளின் வரவு செலவு இந்த மாதிரிதான் இருக்கும். வரி போக நாளுக்குச் சராசரியாக 28,000 ரூபாய் விற்பனை, மாதம் 8,40,000. அரிசி, உளுந்து, எண்ணெய், காய்கறி, பால் எல்லாம் சேர்ந்து விற்பனையில் 38 சதவீதம், அதாவது 3,19,000. பதினொரு பேருக்குச் சம்பளம் 1,90,000. வாடகை 65,000, காஸும் கரண்டும் 75,000, பார்சல் கவர், சோப்பு, ரிப்பேர் போன்ற சில்லறைச் செலவு 55,000. மிச்சம் மாதம் 1,36,000.

ஓனர் சரவணம்பட்டியில் இரண்டாவது கடை போட நினைக்கிறார். ஐ.டி. கம்பெனிகள், ஹாஸ்டல்கள், புதுப்புது அபார்ட்மென்ட்டுகள் இருக்கிற ஏரியா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. அங்கே முழுக் கடை போடலாம். காந்திபுரத்திலேயே காலியாகும் பக்கத்துக் கடையையும் எடுத்து இடத்தைப் பெருக்கலாம். அல்லது சரவணம்பட்டியில் சின்னதாக ஒரு பார்சல் கவுன்டர் திறந்து, மாவும் சாம்பாரும் இங்கிருந்தே அனுப்பலாம்.

1,36,000 யாருடைய உழைப்பு?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் அந்த 1,36,000ஐக் கொஞ்சம் உடைத்துப் பார்க்க வேண்டும். ஓனர் காலை ஐந்தரை முதல் இரவு பத்தரை வரை கல்லாவில் இருக்கிறார். அவர் மனைவி விடியற்காலை வந்து மாவு பதம், சட்னி, சாம்பார் ருசி பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் கிளம்புகிறார். இரண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது. இவர்கள் இல்லாமல் கடையை நடத்த, கல்லாவையும் ஆட்களையும் பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜருக்கு 28,000, அடுக்களைப் பொறுப்புக்கு ஓர் ஆளுக்கு 24,000 என்று மாதம் 52,000 கொடுக்க வேண்டியிருக்கும். அதைக் கழித்தால் கடை தானாகச் சம்பாதிப்பது 84,000தான், விற்பனையில் பத்து சதவீதம். இரண்டாவது கடைக்கு நீங்கள் எடுத்துப்போகக்கூடியது இந்தப் பத்து சதவீதம் தரும் பகுதியைத்தான். மீதி உங்கள் உடம்பு, அது ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும்.

இதைக் கணக்குப் புத்தகத்தில் பார்ப்பதோடு நிறுத்தாமல் நடைமுறையிலும் சோதித்துப் பார்க்கலாம். பத்து நாள் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விடுங்கள், போனில் "சாம்பார் எப்படி இருக்கு" என்று கேட்காமல். திரும்பி வந்து மூன்றே விஷயம் பாருங்கள். சரக்குச் செலவு 38லிருந்து 40க்குள் நிற்கிறதா, 43க்கு ஏறிவிட்டதா? கல்லாப் பணமும் பில்லும் தினமும் ஒத்துப்போனதா? தினமும் வருகிற நாலைந்து பழைய முகங்கள் "என்னண்ணா, ரெண்டு நாளா சட்னி ஒரு மாதிரி" என்கிறார்களா? ஐந்து சதவீதப் புள்ளி ஏறினாலே மாதம் 42,000 போகும். பெரும்பாலும் அது திருட்டாகக்கூட இருக்காது. மாவு அதிகம் ஆட்டி மிஞ்சிக் கொட்டுவது, எண்ணெய் அளவில்லாமல் ஊற்றுவது, பால் திரிந்துபோவது, அவ்வளவுதான். பத்து நாளைத் தாண்டாத கடைக்கு இரண்டாவது கிளை இன்னும் தூரம்.

மாஸ்டர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பலர் செய்வது, பழைய மாஸ்டரைப் புதுக் கடைக்கு அனுப்பிவிட்டு முதல் கடைக்குப் புது ஆளைப் போடுவது. புதுக் கடை நன்றாக ஆரம்பிக்கும், சரி, ஆனால் சம்பாதித்துக்கொடுக்கிற கடையில் ருசி மாறும். முதல் கடையில் குறைந்தது மூன்று நான்கு மாதம் தனியாக ஷிப்ட் பார்த்த இரண்டாவது மாஸ்டர் இருக்க வேண்டும். அளவுகள் கையில் இல்லாமல் எடையில் இருக்க வேண்டும்: எத்தனை கிலோ இட்லி அரிசிக்கு எத்தனை கிலோ உளுந்து, எத்தனை மணி நேர ஊறல், மார்கழியில் எவ்வளவு நேரம் புளிக்க விடுவது, சித்திரையில் எப்போது நிறுத்துவது. மாஸ்டர் இதை எழுதிக் கொடுக்க விரும்ப மாட்டார், அது அவருடைய பிழைப்பு, அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நீங்கள்தான் தராசை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பக்கத்தில் நின்று குறிக்க வேண்டும்.

கூட்டம் யாருடையது?

காந்திபுரத்தில் காலை ஆறு மணிக்கு இட்லி போகிறது என்றால், பஸ்ஸிலிருந்து இறங்கிய பசி அது. கடை நன்றாக இருப்பதால் உள்ளே வந்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பஸ் ஸ்டாண்டு சரவணம்பட்டிக்கு வராது. அங்கே காலை ஒன்பதரைக்குத்தான் பலர் எழுந்தே வருகிறார்கள், ஹாஸ்டல் பையன்கள் காலை டிபனைத் தாண்டி நேராக மதியத்துக்குப் போய்விடுகிறார்கள், விற்பனை ராத்திரி எட்டிலிருந்து பத்தரைக்குள் குவிகிறது, சனி ஞாயிறில் ஆபீஸ் கூட்டம் காணாமல் போகிறது. அதே மெனு, அதே ருசி, ஆனால் கடிகாரம் வேறு. ஆட்களின் ஷிப்ட், மாவு ஆட்டும் நேரம் எல்லாம் அதற்கேற்ப மாற வேண்டும்.

வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருகிறாரா, வழியில் போகிறவரா என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. யுபிஐ வரவு உங்கள் கணக்கில் தனித்தனியாக விழுகிறது என்றால், ஒரு மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பெயர்வாரியாக அடுக்குங்கள். மாதத்தில் நான்கு தடவைக்கு மேல் வருகிற பெயர்கள் மொத்த விற்பனையில் எவ்வளவு பங்கு? பாதிக்குப் பக்கம் வந்தால் உங்களுக்கென்று ஆள் இருக்கிறது. பெரும்பாலான பெயர்கள் ஒரே ஒருதடவை வந்தவை என்றால் நீங்கள் நல்ல இடத்தில் கடை வைத்திருக்கிறீர்கள், அதற்கு மேல் எதையும் அது சொல்லவில்லை. அப்புறம் கல்லாவில் இரண்டு வாரம் "எங்கிருந்து வர்றீங்க" என்று கேட்டுக் குறித்துவைக்கலாம். சரவணம்பட்டி, கணபதி, விளாங்குறிச்சிப் பக்கமிருந்து வேலையாக வந்தபோது சாப்பிட்டவர்களும், நம் கடைக்கென்றே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவர்களும் வேறு வேறு. இரண்டாவது வகையில் நாலு பேர் கிடைத்தாலும் அது, கிளை போடச் சொல்லும் நாற்பது நண்பர்களைவிட மேல்.

ஏமாற்றும் அறிகுறிகள் சிலவும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வரிசை எதையும் நிரூபிக்காது. "ரெடிமேட் ஹோட்டல் இடம், அடுக்களை, எக்ஸாஸ்ட் எல்லாம் இருக்கு" என்று புரோக்கர் கூப்பிட்டால், அதற்கு முன்னால் அங்கே இருந்தவர் ஏன் போனார் என்று பக்கத்துப் பெட்டிக்கடையில் கேளுங்கள். மச்சான் சும்மாதான் இருக்கிறான், அவனிடம் கொடுத்துவிடலாம் என்பதும் ஓர் அறிகுறியாகப் பல வீடுகளில் எண்ணப்படுகிறது. சம்பளத்துக்கு வந்த மேனேஜரிடம் கணக்கு கேட்கலாம், மச்சானிடம் கேட்டால் அது பொங்கல் வரைக்கும் பேசப்படும்.

முழுக் கிளை: கொட்டேஷனில் வராத பதினைந்து லட்சம்

சரவணம்பட்டிக் கடைக்கு வாடகை 80,000, அட்வான்ஸ் பத்து மாதம், எட்டு லட்சம். இன்டீரியரும் பிளம்பிங்கும் ஏழு லட்சம், கிரைண்டர், இட்லி ஸ்டீமர், தோசைக்கல், ஃபிரிட்ஜ், எக்ஸாஸ்ட் எட்டு லட்சம், மூன்று ஃபேஸ் கரண்ட் கனெக்‌ஷன், டெபாசிட், லைசென்ஸ் எல்லாம் ஒரு லட்சம். ஆக 24 லட்சம். எல்லோரும் கடன் வாங்கும்போது சொல்லும் தொகை இது, அதில் எட்டு லட்சம் திரும்பி வரும் என்கிற ஆறுதலும் உண்டு.

இந்தக் காகிதத்தில் எழுதாமல் விட்டவை மூன்று. முதலாவது, திறப்பதற்கு முன்பான செலவு. வாடகை சாவி வாங்கிய நாளிலிருந்து ஓடும், வேலை முடிய இரண்டு மாதம் ஆகும், ஆட்களை ஒரு மாதம் முன்னாலேயே எடுத்து முதல் கடையில் பழக்க வேண்டும், அவர்களுக்குத் தங்க ரூம் எடுத்து அதற்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். வெளியூர், வடமாநில ஆட்களை வைத்து நடத்தும் கடைகளில் ரூம் இல்லாமல் ஆளே கிடையாது. இதெல்லாம் சேர்ந்து மூன்று லட்சம்.

இரண்டாவது, கடை தன் காலில் நிற்கும் வரைக்குமான நஷ்டம். புதுக் கடையின் நிலையான செலவு: வரியோடு வாடகை 94,000, மேனேஜர் உட்படப் பன்னிரண்டு பேர் சம்பளம் 2,20,000, குறைந்தபட்ச கரண்ட், தண்ணீர், ரூம் வாடகை வகையில் 46,000. மாதம் 3,60,000. விற்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சரக்குக்கு 40, காஸுக்கும் பார்சலுக்கும் 10 போனால் மிச்சம் 50. அப்படியானால் நஷ்டமில்லாமல் நிற்கவே மாதம் 7,20,000, நாளுக்கு 24,000 விற்க வேண்டும். பல வருடம் ஓடிய முதல் கடையே 28,000தான் விற்கிறது என்பதைக் கவனியுங்கள். திறந்த மாதம் நாளுக்கு 12,000 விற்று, மாதாமாதம் இரண்டாயிரம் ஏறுவதாக வைப்போம், இது மோசமான வளர்ச்சி இல்லை. முதல் மாதம் 1,80,000 நஷ்டம், அடுத்து 1,50,000, 1,20,000, 90,000, 60,000, 30,000. ஏழாவது மாதம்தான் பூஜ்யம். மொத்தம் 6,30,000.

மூன்றாவதை யாரும் புதுக் கடைக் கணக்கில் எழுதுவதே இல்லை, ஏனென்றால் அது நடப்பது பழைய கடையில். ஓனரும் மனைவியும் சரவணம்பட்டியில் நிற்க, காந்திபுரத்தில் 52,000 சம்பளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். கூடவே விற்பனை 28,000லிருந்து 25,500க்கு இறங்குகிறது, ஓனர் முகம் இல்லாத கடையில் இது சாதாரணம். அந்த இறக்கம் மட்டும் மாதம் சுமார் 39,000. ஆக முதல் கடையிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த 1,36,000 இப்போது 45,000. ஆறு மாதத்தில் ஐந்தரை லட்சம். அதுவும் எப்போது? புதுக் கடை வாயைத் திறந்து பணம் கேட்டுக்கொண்டிருக்கும் அதே ஆறு மாதத்தில்.

மூன்றையும் கூட்டினால் பதினைந்து லட்சத்தை ஒட்டி வரும். 24 லட்சத் திட்டம் உண்மையில் 39 லட்சத் திட்டம். வங்கிக் கடன் 24க்கு மட்டும் வாங்கியவர்கள் மூன்றாவது மாதம் நகையைத் தூக்குவதும், மளிகைக் கடைக்காரரிடம் பாக்கி வைப்பதும், பாக்கி வைத்ததால் சுமாரான சரக்கை வாங்கி ருசியைக் கெடுத்துக்கொள்வதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு மேல் இரண்டு அரசாங்கக் கோடுகள் இருக்கின்றன, கிளை போடும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் தாண்டுவீர்கள். ஒன்று பி.எஃப். இருபது பேர் வேலை செய்யும் நிறுவனம் கட்டியாக வேண்டும், கிளைகளைத் தனித்தனியாக எண்ண மாட்டார்கள், சேர்த்துத்தான் எண்ணுவார்கள். முதல் கடையில் பதினொன்று, மாற்று ஆட்கள் இரண்டு, புதுக் கடையில் பன்னிரண்டு, மொத்தம் 25. முதலாளி பங்கு நிர்வாகக் கட்டணத்தோடு சம்பளத்தில் சுமார் 13 சதவீதம், 15,000 ரூபாய் உச்சவரம்பு வைத்துக் கட்டினாலும் மாதம் 45,000க்கு மேல் வந்துவிடும். தொழிலாளி பங்கைப் பிடித்தால் "கையில முழுசா கொடுங்க" என்று நிற்பார்கள், அதையும் நீங்களே ஏற்றால் இரட்டிப்பு. கட்டுவது சரியானது, ஆட்களுக்கு நல்லதும்கூட. ஆனால் திட்டத்தில் இல்லாமல் வந்தால் முதல் கடையில் மிஞ்சிய அந்த 45,000 அப்படியே இதற்குப் போய்விடும்.

இன்னொன்று ஜிஎஸ்டி. கஸ்டமரிடம் தனியாக வரி வாங்காமல், விற்பனையில் ஒரு பங்கைத் தானே வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கும் ஹோட்டலுக்கு ஆண்டு விற்பனை 1.5 கோடி வரைதான் அனுமதி, அதுவும் ஒரே பான் எண்ணில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் சேர்த்து. காந்திபுரம் மட்டும் இருந்தபோது 1.1 கோடிக்குள் இருந்தவர், சரவணம்பட்டி நாளுக்கு 24,000 தொட்டதும் வெளியே வந்துவிடுவார். வெளியே வந்தால் பில்லில் ஐந்து சதவீதம் தனியாகப் போடலாம், அது ஒருவிதத்தில் நல்லது, 60 ரூபாய் தோசையை 63க்குக் கொடுக்கும்போது கஸ்டமர் முகம் எப்படி இருக்கும் என்பது வேறு விஷயம். வலிப்பது வாடகையில். கட்டட ஓனருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாவிட்டால் வரி இல்லை என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2024 அக்டோபரிலிருந்து, பதிவில்லாத ஓனரிடம் வணிக இடத்தை வாடகைக்கு எடுக்கும் பதிவுபெற்ற வாடகைதாரரே அந்த 18 சதவீதத்தைக் கட்ட வேண்டும். காம்பொசிஷனில் இருப்பவர்களுக்குப் பிறகு விலக்கு கிடைத்தது, வெளியே வந்தவருக்கு அந்த விலக்கு இல்லை. ஐந்து சதவீத வரியில் இயங்கும் ஹோட்டல் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அதனால் 80,000 வாடகையில் 14,400 சுத்தமான செலவு. காந்திபுரம் கட்டட ஓனருக்கும் பதிவு இல்லையென்றால் அந்த 65,000க்கும் இதே கதைதான், 11,700. இரண்டாவது கடை போட்டதால் முதல் கடையின் வாடகை ஏறுகிறது என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

சரி, எல்லாம் நன்றாகப் போய், சரவணம்பட்டி நாளுக்கு 30,000 விற்கிறது, காந்திபுரமும் பழைய 28,000க்குத் திரும்பிவிட்டது என்று வைப்போம். புதுக் கடையில் 90,000, பழைய கடையில் 84,000, பி.எஃப். 45,000 போக 1,29,000. முன்னால் ஒரே கடையில் வந்துகொண்டிருந்தது 1,36,000. கணவன் மனைவி இரண்டு பேரின் நேரம் விடுபட்டிருக்கிறது என்பதை மறுக்கவில்லை, ஆனால் 39 லட்சம் போட்டவருக்கு அது ஆறுதலாக இருக்குமா தெரியவில்லை. நாளுக்கு 35,000 தொட்டால்தான் வீட்டு வருமானம் இரண்டு லட்சத்தைத் தாண்டும். அதாவது இரண்டாவது கடை முதல் கடையைவிட நன்றாக ஓட வேண்டும், அப்போதுதான் கதை மாறும்.

பக்கத்துக் கடை

காந்திபுரத்தில் பக்கத்து இடம் மாதம் 35,000. சுவரைத் திறந்து இருபது சீட் போட ஐந்து லட்சம், அட்வான்ஸ் மூன்றரை லட்சம். இரண்டு ஆள் கூடுதல், 36,000. இந்த 71,000ஐ எடுக்க நாளுக்கு 4,600 கூடுதலாக விற்றால் போதும், எழுபது ரூபாய் பில்லில் அறுபத்தைந்து பேர். ஏழாயிரம் கூடினால் மாதம் 38,000 மிச்சம். ஆள் கணக்கு 13, விற்பனை 1.35 கோடிக்குள், இரண்டு கோடுகளுக்கும் உள்ளேயே நிற்கிறீர்கள். மனைவி சாம்பாரைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

ஆனால் இதுவும் பொய்யாகலாம், வரிசை எதனால் நிற்கிறது என்று பார்க்காவிட்டால். ஒரு வாரம் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை சும்மா நின்று பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தவர்கள் தட்டு வராமல் காத்திருந்தால் பிரச்சினை தோசைக்கல்லில், இருபது சீட் போட்டால் காத்திருப்பவர் எண்ணிக்கைதான் இருபது கூடும். அதற்கு மருந்து இன்னொரு கல்லும் இன்னொரு தோசை மாஸ்டரும்தான், வாடகைக்கு எடுக்கும் கூடுதல் இடம் அல்ல. தட்டு சீக்கிரம் வந்து, சாப்பிட்டவர்கள் எழுந்ததும் அடுத்தவர் உடனே உட்கார்ந்து, அப்படியும் வாசலில் ஆள் நின்றால்தான் சீட் பற்றாக்குறை. மேஜை துடைக்க ஆள் வராமல் சீட் காலியாகக் கிடப்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அது 15,000 ரூபாய்ப் பிரச்சினை, அதை எட்டரை லட்சம் போட்டுத் தீர்க்க வேண்டாம்.

இதன் எல்லையும் தெளிவானது. கூடிய சீட் காலை ஒன்றரை மணி நேரத்துக்கும் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கும்தான் நிறையும், மற்ற நேரம் நாற்காலிக்கு வாடகை கட்டுகிறீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மேம்பாலமோ சாலை வேலையோ வந்தால் முழு வருமானமும் ஒரே தெருவில் மாட்டிக்கொள்ளும். கிளை போடுவதற்கான ஒரே நேர்மையான காரணம் என்று எனக்குத் தோன்றுவது இந்த ஆபத்துதான்.

பார்சல் கவுன்டர்

சரவணம்பட்டியில் நூற்றைம்பது சதுர அடி, வாடகை 18,000. மூன்று ஆள் 48,000, சரக்கு கொண்டுபோக வண்டி 12,000, கரண்ட் 6,000. மொத்தம் 84,000. நாளுக்கு 5,600 விற்றால் நஷ்டமில்லை, 8,000 விற்றால் மாதம் 36,000 மிச்சம். அட்வான்ஸ் உட்பட நாலரை லட்சத்தில் திறக்கலாம். உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதி மட்டும் இடத்துக்கு ஒன்று தனியாக எடுக்க வேண்டும், முதல் கடையுடையதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இங்கே கஷ்டம் சாப்பாட்டிலேயே இருக்கிறது. சத்தி ரோட்டில் பத்து கிலோமீட்டர் போகும் மாவு வழியிலும் புளித்துக்கொண்டே போகும். சித்திரை வைகாசியில் காலை ஆறுக்குக் கிளம்பிய மாவு பதினொன்றுக்குத் தோசைக்கல்லில் ஒட்ட ஆரம்பிக்கும், அதனால் இரண்டு தடவையாக அனுப்பி அங்கே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இட்லியை ஹாட் பாக்ஸில் அனுப்பினால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், சின்ன ஸ்டீமர் வைத்து அங்கேயே ஊற்றுவது மேல். சாம்பார் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. தேங்காய்ச் சட்னியைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்துக் குளிர்வாக அனுப்பி, அங்கே கரைத்துத் தாளிக்க வேண்டும், இல்லாவிட்டால் மதியத்துக்குள் கெட்டுவிடும். பொங்கல் வழியிலேயே இறுகும். பூரியை மறந்துவிடுங்கள்.

ஆனால் இந்தக் கஷ்டத்தில்தான் உங்களுக்கு வேண்டிய பதில்கள் வருகின்றன. அளவு எழுதாமல் நீங்கள் ஒருநாள்கூட அனுப்ப முடியாது. எத்தனை கிலோ மாவு போனது, எத்தனை தோசை விற்றது என்று தினமும் தெரியும், ஒரு கிலோவுக்கு இத்தனை தோசை என்ற எண் குறைந்தால் அங்கே எதுவோ நடக்கிறது. நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் பெயர் விற்கிறதா, அந்த ஏரியா உங்கள் விலைக்குச் சாப்பிடுகிறதா, விற்பனை எந்த நேரத்தில் குவிகிறது, எல்லாம் ஆறு மாதத்தில் நாலரை லட்சத்துக்குள் தெரிந்துவிடும். பார்சல் வாங்குபவர் உட்கார்ந்து சாப்பிட வருவார் என்பதை மட்டும் இது நிரூபிக்காது. அங்கே கஸ்டமர் நின்றுகொண்டே பிரித்துச் சாப்பிடுவதையும், "உக்கார இடம் இல்லையா" என்று கேட்பதையும் பார்த்தால்தான் அதற்கான பதில்.

கவுன்டருக்குப் பதிலாக ஆப் டெலிவரிக்கு மட்டும் ஒரு சமையலறை போடலாம் என்ற யோசனை இப்போது நிறையப் பேருக்கு வருகிறது. நூறு ரூபாயில் ஐம்பது மிச்சமிருக்கும் தொழிலில் கமிஷன், தள்ளுபடி, விளம்பரம் என்று கால் பங்கு போனால் மிஞ்சுவது 25, நஷ்டமில்லாத விற்பனை இரண்டு மடங்காகிவிடும். நாற்பது ரூபாய் இட்லிக்கு அது கட்டுப்படியாகாது, பிரியாணிக்கு ஒருவேளை ஆகலாம். ஃப்ரான்சைஸ் கேட்டு வருபவர்களையும் இப்போதைக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். சொந்தமாக இரண்டாவது கடையை நடத்திக் காட்டாதவர் அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்க என்ன இருக்கிறது?

இந்தக் காந்திபுரம் ஓனர் என்னிடம் கேட்டால், வரிசை சீட்டால்தான் நிற்கிறது என்று உறுதியானால் முதலில் பக்கத்துக் கடை, ஆறு மாதம் கழித்து கவுன்டர் என்பேன். இரண்டும் சேர்ந்தால் 1.5 கோடியைத் தாண்டும், ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும், ஆனால் ஆள் கணக்கு பதினாறில்தான் நிற்கும். கவுன்டர் நாளுக்கு 10,000ஐத் தொட்டு மூன்று மாதம் அங்கேயே நின்றால், இரண்டாவது மாஸ்டர் தயாராக இருந்தால், கையில் கடன் இல்லாத பத்து லட்சமாவது தனியாக இருந்தால், அப்போது சரவணம்பட்டியில் முழுக் கடைக்கு இடம் பார்க்கலாம். காந்திபுரம் ஏற்கெனவே மனைவியில்லாமல் ஒரு மாதம் ஓடிப் பழகியிருந்தால் இன்னும் நல்லது.

இடம் பார்க்கும்போது ஒன்று. புது ஒப்பந்தத்தைப் படிப்பதற்கு முன்னால் பழைய கடையின் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பதினொரு மாதக் காகிதத்தில் வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், காந்திபுரம் கட்டட ஓனர் எந்த வருடமும் "பையன் கடை வைக்கிறான்" என்று சொல்லலாம், நீங்கள் கிளை போட்டது தெரிந்ததும் வாடகையை ஏற்றியும் கேட்கலாம். அங்கே முதலில் ஐந்து வருடத்துக்குப் பதிவு செய்த ஒப்பந்தம், வருடத்துக்கு எவ்வளவு ஏற்றம் என்ற எண்ணோடு. புது இடத்தில் நேர்மாறாகப் பேசுங்கள்: ஓனர் காலி செய்யச் சொல்ல முடியாத காலம் ஐந்து வருடம், நீங்கள் வெளியேற முடியாத காலம் ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம், இன்டீரியர் வேலை நடக்கும் இரண்டு மாதத்துக்கு வாடகை கிடையாது. கடைசியில் சொன்னதைக் கேட்டால் பல ஓனர்கள் ஒரு மாதத்துக்காவது ஒத்துக்கொள்வார்கள், கேட்காமல் இருப்பதால்தான் யாருக்கும் கிடைப்பதில்லை.